இணைசேர்க்கைக்கு முன் மறியாடுகளுக்கு மிகை ஊட்டம் அளித்தல்

நெற்செய்கையும் தோட்டச் செய்கையும் மேற்கொள்ளும் கமக்காரர் பலர், எருவுக்காகவும் கைச்செலவுக்காகவும் பத்துப் பன்னிரண்டு ஆடுகளை வளர்த்து வருகின்றனர். இத்தகைய சிறு பட்டியில் ஓராண்டின் வருவாய், மறிகள் ஈன்று பால்மறந்து நிற்கும் குட்டிகளின் எண்ணிக்கையையே பொறுத்திருக்கும். ஒரு குட்டியை ஈனும் மறிக்கும் இரட்டைக் குட்டியை ஈனும் மறிக்கும் கொட்டில் ஒன்றே, மேய்ப்போனும் ஒருவனே. ஆதலால் இரட்டைக் குட்டிகளைப் பெற விரும்புவது இயல்பாகும்.

இதற்கென ஆடு வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் முறையொன்று உண்டு. கிடாயைச் சேர்ப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து மறிகளுக்கு வழக்கத்திலும் கூடிய உணவைக் கொடுத்து, அவற்றின் உடல் தேறிவரும் நிலையில் இணையச் செய்வதே அம்முறையாம். ஆங்கிலத்தில் இதனை ‘பிளஷிங்’ என்பர். இத்துண்டுப்பிரசுரத்தில் இது மிகை ஊட்டம் எனக் குறிக்கப்படும். செம்மறியாயினும் வெள்ளாடாயினும் பெண்ணாடு மறி எனவும், ஆண் கிடாய் எனவும் வழங்கப்படும்.

மிகை ஊட்டம் எல்லா மறிகளுக்கும் பயன் தருவதன்று. எவற்றுக்குக் கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பவற்றை அறியாது கொடுத்தால் தவிடும் புண்ணாக்குமே செலவாகும். ஐந்து மாதங்களின் பின் நேரக்கூடியதை எண்ணாது கொடுத்தாலோ, தாயும் குட்டிகளும் ஒருங்கே இழக்கப்படலாம். 

பயன் விளையும் வகை

வெள்ளாட்டு மறி ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறையும், செம்மறி ஏறக்குறைய 17 நாட்களுக்கு ஒருமுறையும் வேட்கை கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதன் சூலகத்தில் முட்டைகளைத் தாங்கிய சிறு கொப்புளங்கள் பல வளரத் தொடங்குகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை இடையிலேயே வாடிவிடும். எஞ்சி முதிர்வது ஒன்றாயின் ஒரு முட்டையும், இரண்டாயின் இரண்டு முட்டைகளும் வெளிப்படும். இரட்டைக் குட்டி என்பது பெரும்பாலும் இரு முட்டைகள் வெளிப்பட்டுக் கருவுற்றதன் விளைவேயாகும்.

மெலிந்த உடலில் இக்கொப்புளங்கள் வாடுவது அதிகம். உணவு கூடி உடல் தேறத் தொடங்கியதும் வாடுவது குறைகிறது. ஆகவே இணைந்த பின்னர் எவ்வளவு உணவு கொடுப்பினும் முட்டைகளின் எண்ணிக்கை கூடாது. அது கிடாய் சேருவதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது.

இங்கு ஓர் எல்லையும் உண்டு. நடுத்தரமாகவோ அதனிலும் சற்று மெலிந்தோ உள்ள மறியே மிகை ஊட்டத்தால் நன்கு பயன்பெறும். நன்கு கொழுத்த மறி, தன் இனத்துக்கு இயன்ற அளவு முட்டைகளை ஏற்கெனவே வெளிவிட்டுக் கொண்டிருக்கும். அதற்கு மேலும் கொடுக்கும் உணவு கொழுப்பாகவே மாறும். எலும்பும் தோலுமாய் உள்ள மறிக்கும் மூன்று வார ஊட்டம் போதாது. அது முதலில் தன் உடலையே சீராக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொதுவாக நூறு மறிகளுக்கு இவ்வாறு ஊட்டமளித்தால் பத்து முதல் இருபது குட்டிகள் வரை மேலதிகமாகக் கிடைக்கலாம் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே பத்துப் பன்னிரண்டு மறிகள் உள்ள பட்டியில் ஒன்றோ இரண்டோ குட்டிகளே கூடுதலாகக் கிடைக்கும். ஒற்றைக் குட்டியையே ஈனும் இயல்புள்ள ஆட்டினத்தில் இதனிலும் குறையலாம். கமக்காரர் இதனை மனத்திற் கொண்டே செலவைக் கணிக்க வேண்டும்.

உடல்நிலையைக் கையால் அறிதல்

மறியின் உடல்நிலையைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானித்தல் கூடாது. மேய்ந்து வந்த ஆட்டின் வயிறு புடைத்திருக்கும். புழுக் கொண்ட ஆட்டின் வயிறும் பருத்தே காணப்படும். வெள்ளாடு தன் கொழுப்பிற் பெரும்பகுதியை வயிற்றினுள்ளே சேமித்து வைப்பதால், அதன் புறத்தோற்றம் மேலும் மயக்கந் தரும். கையால் தொட்டுப் பார்த்தலே நம்பத்தக்க முறையாகும்.

மறியைச் சமதரையில் அமைதியாக நிறுத்துக. கடைசி விலா எலும்புக்குப் பின்னும் இடுப்பெலும்புக்கு முன்னும் உள்ள முதுகுப் பகுதியில் உள்ளங்கையை வைக்க. நடுவே மேல்நோக்கி நிற்கும் முதுகு முட்களையும், இருபுறமும் கிடையாக நீளும் பக்க முட்களையும் விரலால் அழுத்தி உணரலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குழியில் எவ்வளவு தசை நிரம்பியுள்ளது என்பதே அறியவேண்டியது. இதற்கு 1 முதல் 5 வரை புள்ளி வழங்குவது வழக்கம்.

முதுகு முட்கள் கூராய்த் தனித்தனியே தட்டுப்பட்டு, பக்க முட்களின் கீழே விரல் எளிதிற் புகுமாயின் புள்ளி 1 ஆகும். முட்கள் தட்டுப்பட்டாலும் கூர்மை மழுங்கி, சற்று அழுத்தினால் மட்டுமே பக்க முட்களின் கீழ் விரல் புகுமாயின் புள்ளி 2. முட்களை அழுத்தியே உணர முடிந்து, இடைக்குழி தசையால் நிரம்பியிருந்தால் புள்ளி 3. பலமாய் அழுத்தியும் பக்க முட்கள் அகப்படாவிடின் புள்ளி 4. முதுகின் நடுவே முட்களுக்குப் பதிலாகக் கொழுப்பிடைப் பள்ளம் காணப்படின் புள்ளி 5. இடைப்பட்ட நிலைகளுக்கு அரைப்புள்ளி சேர்த்துக் கொள்க.

பழக்கமில்லாதோர் தம் கையையே அளவாகக் கொள்ளலாம். கையை இறுக மூடி, விரல்மூட்டுகளின் மேல் மறுகையின் விரலை ஓட்டிப் பார்க்க. அந்த மேடுபள்ளம் மெலிந்த ஆட்டின் முதுகை ஒக்கும். கையை விரித்துப் புறங்கையைத் தடவினால், எலும்பு தெரிந்தும் உறுத்தாத நடுத்தர நிலை புலப்படும். பெருவிரலின் அடியிலுள்ள சதைப்பற்றை அழுத்தினால் கொழுத்த ஆட்டின் நிலை புலப்படும்.

கிடாய் சேரும் நாளில் மறிகள் 2½ முதல் 3 வரையான புள்ளியில் நின்று, மேலும் தேறிக்கொண்டிருத்தல் விரும்பத்தக்கது. ஒரு முழுப்புள்ளி உயர ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை செல்லும். ஆதலால் முதற் பரிசோதனையைக் கிடாய் சேர்ப்பதற்கு ஒன்பது வாரங்களுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

காலத்தைத் தெரிதல்

ஊட்டம் தொடங்கும் நாளைக் குறிப்பதற்கு முன், குட்டி ஈனும் நாளைக் குறித்தல் வேண்டும். மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். செம்மறி இரண்டு மூன்று நாட்கள் முந்தியும் ஈனலாம்.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் வறண்ட பகுதியை எடுத்துக்கொள்வோம். இங்கு ஒற்றோபரிலிருந்து திசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையாலேயே புல்லும் குழையும் செழிக்கின்றன. ஆவணித் தொடக்கத்தில், அதாவது ஓகஸ்ட் 17 அளவில், கிடாயைச் சேர்த்தால் முதற் குட்டிகள் தைப்பொங்கலையொட்டிச் சனவரி 14 அளவிற் பிறக்கும். அப்பொழுது பெருமழை தணிந்திருக்கும். வரம்புப் புல்லும் வேலிக் குழையும் நிறைந்திருக்கும். குட்டிகள் மேயத் தொடங்கும் வேளையில் பெரும்போக அறுவடை முடிந்த வயல்கள் மேய்ச்சலுக்குத் திறந்திருக்கும். மறிக்கு உணவு மிகுதியாகத் தேவைப்படும் சினையின் இறுதி வாரங்கள் மார்கழியில் அமைவதால், பசுந்தீனுக்குக் குறைவிராது.

ஆவணியில் மறிகள் வறட்சியால் மெலிந்திருப்பதும் இக்கணக்குக்கு ஒத்ததே. மிகை ஊட்டம் பலிக்கத்தக்க நிலையில் அவை அப்போது உள்ளன. குளநீர்ப் பாய்ச்சலுள்ள இடங்களில் சிறுபோக நெல் குற்றப்படுவதால் புதிய தவிடும் கிடைக்கும். வேறு மழைப்பருவமுள்ள மாவட்டத்தினர், தம் பகுதியிற் பெருமழை ஓய்ந்து பசுந்தீன் மிகுந்திருக்கும் காலத்திலிருந்து ஐந்து மாதங்களைப் பின்னோக்கி எண்ணித் தம் நாளைக் குறித்துக்கொள்க.

இவை யாவும் கிடாய் தனியே வைக்கப்பட்டாலன்றிக் கைகூடா. கிடாயை ஆண்டு முழுவதும் மறிகளோடு மேயவிடும் பட்டியில், மறி மெலிந்திருக்கையிலேயே இணைந்துவிடும். குறைந்தது ஒரு மாதமேனும், மணமும் எட்டாத தொலைவிற் கிடாயைக் கட்டி வளர்த்து, குறித்த நாளிற் சேர்த்தல் வேண்டும். அவ்வாறு பிரிந்திருந்து சேருங் கிடாயின் மணத்தால், வேட்கை கொள்ளாதிருந்த மறிகளும் பல ஒருங்கே வேட்கை கொள்ளும். விந்து உருவாக ஏழு வாரங்கள் வரை செல்லுமாதலால், கிடாயின் உடல்நிலையையும் இரண்டு மாதங்களுக்கு முன்பே கவனித்தல் நன்று.

ஊட்டத்தின் வகையும் அளவும்

முட்டைகளின் எண்ணிக்கையை உயர்த்துவதிற் சத்துணவின் வலுவே முதன்மையானது. குழை மட்டும் கொடுத்தால் புரதம் சேருமேயன்றி வலு போதாது. நம் கமங்களில் எளிதிற் கிடைப்பவற்றுள், இரண்டு பங்கு நல்ல நெற்றவிடும் ஒரு பங்கு தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்த கலவை ஏற்றதாகும். 25 முதல் 30 கிலோகிராம் வரை நிறையுள்ள மறிக்கு, வழக்கமான மேய்ச்சலுக்கும் குழைக்கும் மேலாக, நாளொன்றுக்கு 250 கிராம் கொடுக்கலாம்.

தவிட்டில் உமி கலந்திருத்தல் ஆகாது. உமி வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. ஒரு பிடி தவிட்டை அகன்ற தட்டிலிட்டு ஊதினால் உமி பிரிந்து தெரியும். நெடுநாள் வைத்த தவிடு காறல் மணம் கொள்ளுமாதலால், இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குக. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு நஞ்சாகும். அதனை ஆட்டுக்கு இடலாகாது.

சீமைக்கிளுவை, பூவரசு, பலா, முருங்கை முதலிய குழைகளை வழமைபோற் கொடுக்கலாம். இப்பில் இப்பில் குழையை மட்டும் மொத்தக் குழையில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாது வைத்துக்கொள்க. அதிலுள்ள நச்சுப்பொருள் மிகுமாயின் மயிர் உதிர்வதோடு கருத்தரிப்பும் பாதிக்கப்படும்.

முதல் வாரத்தில் அரைப்பங்கு கொடுத்து, பின்னரே முழு அளவுக்கு உயர்த்துக. ஆட்டின் இரைப்பை புதிய உணவுக்குப் பழக நாட்கள் செல்லும். திடீரென மாவுணவு மிகுந்தால் இரைப்பையிற் புளிப்பேறி, ஆடு தீனியை வெறுத்து, வயிறு உப்பி, கழிந்து, ஓரிரு நாளில் மடியவுங் கூடும். நெல்லையோ அரிசியையோ நேராகக் கொடுத்து விரைவிற் பயன் காண முயல்வோர் இவ்வாறே ஆட்டை இழப்பர். களத்திற் சிந்திய நெல்லைத் தின்ற ஆடு சாவதும் இதனாலேயே.

எல்லா மறிகளும் ஒரே நேரத்தில் நின்று தின்னத்தக்க நீளமான தொட்டி வேண்டும். சிறு தொட்டியாயின், கொம்பும் வலிமையும் உள்ள இரண்டொரு மறிகள் எல்லாவற்றையும் தின்றுவிடும். ஊட்டம் வேண்டிய மெலிந்த மறி ஒதுங்கியே நிற்கும்.

ஊட்டம் தொடங்குவதற்கு முன் குடற்புழுவை அகற்றுதல் இன்றியமையாதது. இரைப்பையிற் குருதியை உறிஞ்சும் புழு இருக்குமாயின், கொடுக்கும் உணவின் பயன் புழுவுக்கே சேரும். கீழ்க் கண்ணிமையை விலக்கிப் பார்க்க. உட்புறம் சிவந்திராது வெளிறியிருப்பின், சாணத்தைப் பரிசோதிப்பித்து மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி மருந்து கொடுக்க. அல்பெந்தசோல் என்னும் மருந்து சினையின் முதல் மாதத்திற் கருவுக்கு ஊறு செய்யுமாதலால், புழு மருந்தைக் கிடாய் சேருமுன்பே முடித்துவிடுக.

பன்னிரண்டு மறிகளுக்கு ஒரு கணக்கு

ஒரு கமக்காரரிடம் பன்னிரண்டு வெள்ளாட்டு மறிகள் உள்ளனவென வைத்துக்கொள்வோம். யாவும் ஒரு முறையேனும் ஈன்றவை. ஆனி மாதத் தொடக்கமாகிய யூன் 15 அளவில் அவர் எல்லாவற்றையும் கையால் பரிசோதிக்கின்றார். மூன்று மறிகள் 1½ புள்ளியில் உள்ளன. ஆறு மறிகள் 2 முதல் 2½ வரை. எஞ்சிய மூன்றும் சென்ற ஆண்டு ஈனாதிருந்தமையாற் கொழுத்து 3½ புள்ளியில் நிற்கின்றன.

மெலிந்த மூன்றையும் அவர் தனியே பிரிக்கின்றார். ஒன்றின் குட்டி ஐந்து மாதமாகியும் பால் குடிக்கின்றது. அக்குட்டி பால் மறக்கச் செய்யப்படுகிறது. மற்றொன்றின் கண்ணிமை வெளிறியுள்ளது. அதற்குப் புழு மருந்து கொடுக்கப்படுகிறது. மூன்றாவதன் கீழ்த்தாடையில் முன்பற்கள் விழுந்துவிட்டன. மூன்றுக்கும் நாளொன்றுக்கு 150 கிராம் வீதம் ஆறு வாரங்களுக்குக் கலவை இடப்படுகிறது. இதற்கு ஏறக்குறைய 19 கிலோகிராம் செல்லும்.

யூலை 27 அளவில் மறுபடியும் தொட்டுப் பார்க்கையில், முதலிரண்டும் 2 புள்ளியைத் தாண்டிவிட்டன. பல் விழுந்தது அவ்வாறே உள்ளது. அதனால் குழையை மென்று தின்ன இயலாது. இரட்டைக் குட்டியைத் தாங்கவும் இயலாது. அதனை விற்றுவிடுதலே அறிவுடைமை. இப்பொழுது மிகை ஊட்டத்துக்குரியவை முன்னிருந்த ஆறும் தேறிய இரண்டுமாக எட்டு மறிகள். கொழுத்த மூன்றுக்கும் மேய்ச்சலும் குழையுமே போதும். அவற்றைப் பட்டினியிடவும் வேண்டியதில்லை; உடலிளைக்கும் மறி கருத்தரிப்பதும் குறையும்.

முதல் வாரம் எட்டுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 1 கிலோகிராம். அடுத்த ஐந்து வாரங்களுக்கு நாளொன்றுக்கு 2 கிலோகிராம். இவ்வைந்து வாரங்களில் முதலிரண்டு கிடாய் சேருவதற்கு முன்னும், மூன்று அதன் பின்னும் அமையும். ஏழாம் வாரம் மீண்டும் 1 கிலோகிராமாகக் குறைத்து, செத்தெம்பர் நடுப்பகுதியில் நிறுத்தப்படும். ஆக மொத்தம் 84 கிலோகிராம். அதாவது 56 கிலோகிராம் தவிடும் 28 கிலோகிராம் புண்ணாக்கும் ஆகும்.

கிடாய் சேர்ந்த பின்னும் மூன்று வாரம் கொடுப்பதேன் எனக் கேட்கலாம். எல்லா மறிகளும் ஒரே நாளில் வேட்கை கொள்வதில்லை. மூன்று வாரங்களுக்குள் ஒவ்வொன்றாகவே இணையும். கடைசியாக இணையும் மறிக்கும் முன்னூட்டம் கிடைக்கவேண்டும். முன்னரே இணைந்த மறியின் கரு, கருப்பையிற் பற்றிக்கொள்ளும் காலமும் இதுவே. இக்காலத்தில் உணவைத் திடீரெனக் குறைத்தலும், நீண்ட தூரம் ஓட்டிச் செல்லுதலும், நாயால் வெருட்டப்படுதலும் கருவை அழிக்கக்கூடும். முழு அளவுக்கு மேலும் அள்ளிக் கொடுத்தலும் தீதே. மிகையாய் உண்ணும் மறியின் குருதியிற் கருவைக் காக்கும் சுரப்பு குறைந்துவிடும்.

இணைந்ததை அறிதல்

கிடாயின் நெஞ்சிற் காவிமண்ணை எண்ணெயிற் குழைத்துப் பூசினால், அது ஏறிய மறியின் பின்முதுகில் நிறம் படியும். அந்நாளை மறியின் அடையாளத்தோடு எழுதி வைக்க. மூன்று வாரங்களின் பின் நிறத்தை மாற்றுக. செம்மறியாயின் பதினேழு நாட்களில் மாற்றவேண்டும். புதிய நிறம் படியாத மறி சினைப்பட்டதெனப் பெரும்பாலும் கொள்ளலாம். மறிகள் பல புதிய நிறம் பெறுமாயின் கிடாயில் குறையிருத்தல் கூடும். அதனை மிருக வைத்தியரிடம் காட்டுக. ஓரிரு மறிகள் மட்டும் வழமையான நாட்களைக் கடந்து, முப்பது நாட்களின் பின்னர் மறுபடி வேட்கை கொண்டால், பற்றிய கரு அழிந்ததெனக் கருத இடமுண்டு.

ஆறு வாரங்கள் முடிந்ததும் கிடாயைப் பிரித்து விடுக. அதற்குப் பின் இணையும் மறிகளின் குட்டிகள் வறட்சியிற் பிறக்கும்.

முதன்முறை இணையும் இளமறிகளுக்கு இரட்டைக் குட்டிகளை நோக்கி மிகை ஊட்டம் அளித்தல் தகாது. அவை தம் இனத்தின் முழுநிறையில் மூன்றிலிரண்டு பங்கை அடைந்த பின்னரே கிடாயிடம் விடப்படவேண்டும். தாமே வளர்ந்துகொண்டிருக்கும் மறிகளுக்கு ஒரு குட்டியே போதிய சுமையாகும்.

இறுதி ஆறு வாரங்கள்

வயிற்றிலுள்ள குட்டியின் வளர்ச்சியிற் பெரும்பகுதி, சினையின் இறுதி ஆறு வாரங்களிலேயே நிகழ்கின்றது. அப்பொழுது இரு குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால், மறியால் ஒரே வேளையில் அதிகம் தின்ன முடியாது, தேவையோ கூடிவிடும். உணவு போதாவிடின் மறி தன் உடற்கொழுப்பை விரைந்து கரைக்கின்றது. அதனாற் குருதியில் நச்சுப்பொருட்கள் சேர்கின்றன. மறி பட்டியை விட்டு ஒதுங்கி நிற்கும்; தீனியை வெறுக்கும்; நடை தளரும்; மூச்சில் ஒருவகை இனிப்பு மணம் வீசும். இவ்வடையாளங்களைக் கண்டவுடன் மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். மறி படுத்துவிட்ட பின் காப்பது அரிது. மிகவும் மெலிந்த மறிக்கும் மிகவும் கொழுத்த மறிக்கும் இந்நோய் எளிதில் உண்டாகும்.

ஆகவே கார்த்திகை நடுப்பகுதியிலிருந்து, ஈனும் நாள் வரை, மறியொன்றுக்கு நாளொன்றுக்கு 250 கிராம் கலவையை இரு வேளையாகப் பகிர்ந்து கொடுக்க. மேற்கூறிய பட்டியில் எஞ்சிய பதினொரு மறிகளுக்கும் ஆறு வாரங்களுக்கு ஏறக்குறைய 116 கிலோகிராம் வேண்டும். மழைக்காலமாதலால் நிலத்தினின்றும் உயர்ந்த, நனையாத பரணில் அவற்றை வைத்தல் நன்று.

இரட்டையருள் ஒன்று பெரும்பாலும் சிறியதாயிருக்கும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் கடும்புப்பால் குடித்ததா என்று பார்க்க. குடிக்காவிடின் பாலைக் கறந்து புகட்டுக. வலிய குட்டி இரு காம்பையும் பற்றிக்கொள்ளுமாயின், சிறியதை நாளில் நாலைந்து முறை தாயிடம் பிடித்துக் குடிப்பிக்க வேண்டியதாகும்.

இப்பொழுது முழுக் கணக்கையும் நோக்குவோம். மெலிந்தவற்றைத் தேற்ற 19, மிகை ஊட்டத்துக்கு 84, இறுதி வாரங்களுக்கு 116. ஆக மொத்தம் 219 கிலோகிராம் கலவை. எட்டு மறிகளிடம் எதிர்பார்க்கும் மேலதிகக் குட்டிகள் ஒன்றோ இரண்டோதான். இவற்றின் விலையையும் 84 கிலோகிராம் கலவையின் விலையையும் அவ்வூர்ச் சந்தை நிலவரப்படி ஒப்புநோக்கிய பின்னரே கமக்காரர் முடிவு செய்தல் வேண்டும். தவிடு தம் நெல்லிலிருந்தே கிடைப்போருக்கு இது இலாபமாகும். யாவற்றையும் விலைக்கு வாங்குவோருக்கு அவ்வாறாகும் என்பதில்லை.

கையிலுள்ள பணம் ஒரு காலத்து ஊட்டத்துக்கே போதுமாயின், மிகை ஊட்டத்தை விட்டு, இறுதி ஆறு வாரங்களுக்கே அதனை ஒதுக்குக. இரண்டாகக் கருவுற்று ஒன்றும் பிழையாது போவதிலும், ஒன்றாகக் கருவுற்று நன்றாய்ப் பிழைத்தல் மேலாகும்.

மறியாட்டு வளர்ப்போருக்கான நாட்குறிப்பு

ஆனித் தொடக்கம்: எல்லா மறிகளையும் கையால் பரிசோதித்துப் புள்ளியிடுக. பால் குடிக்கும் பெரிய குட்டிகளைப் பிரிக்க. மெலிந்தவற்றைத் தேற்றத் தொடங்குக.

ஆடி முற்பகுதி: கிடாயைத் தொலைவிற் பிரித்துக் கட்டுக. புழு மருந்தை முடிக்க.

ஆடி இரண்டாம் வாரம்: மீண்டும் புள்ளியிட்டு, 3 புள்ளிக்குக் குறைந்த மறிகளுக்கு அரை அளவில் மிகை ஊட்டம் தொடங்குக, ஒரு வாரத்தின் பின் முழு அளவாக்குக.

ஆவணித் தொடக்கம்: காவி பூசிய கிடாயைச் சேர்க்க. மூன்று வாரங்கள் வரை ஊட்டத்தைக் குறையாது கொடுக்க.

ஆவணி இறுதி வாரம்: நிறத்தை மாற்றுக; ஊட்டத்தை ஒரு வாரத்திற் படிப்படியாய்க் குறைத்து நிறுத்துக.

புரட்டாதி நடுப்பகுதி: கிடாயைப் பிரிக்க.

கார்த்திகை நடுப்பகுதி முதல்: சினை மறிகளுக்கு இறுதிக்கால ஊட்டம் கொடுக்க.

தையும் மாசியும்: பிறந்த குட்டிகளையும், பால் மறக்கும் வரை பிழைத்த குட்டிகளையும் மறிவாரியாக எழுதுக. ஊட்டம் பெற்ற மறிகளையும் பெறாதவற்றையும் தனித்தனியே குறித்து, சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுக. இரட்டைக் குட்டிகளை ஈன்று இரண்டையும் வளர்த்தெடுத்த மறியின் பெண்குட்டிகளையே பட்டிக்கென வைத்துக்கொள்க.